எஃகுச் சட்டகச் சுவரில் வெப்பம் கடக்கும் வழியும் வெளிப்புறத் தொடர் காப்பும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் பழைய வீட்டின் மொட்டை மாடியில் ஓர் அறை எழுப்ப நினைப்பவர்கள் இப்போது இலகு எஃகுச் சட்டகத்தைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கீழே இருக்கும் பழைய சுவர்கள் செங்கல் மாடியின் எடையைத் தாங்குமா என்ற சந்தேகம் உள்ள இடங்களில் அது நியாயமான தேர்வுதான். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள துத்தநாகம் பூசிய தகட்டைச் சி வடிவில் மடித்துச் செய்த ஸ்டட்டுகளை நிறுத்தி, மேலும் கீழும் ட்ராக்கில் பூட்டி, உள்ளே ஜிப்சம் போர்டும் வெளியே சிமெண்ட் போர்டும் அடித்து, இடையில் கிளாஸ் வூல் நிரப்பினால் சுவர் முடிந்துவிடுகிறது. ஆனால் ஏப்ரல் மாதத்து மாலையில், ஏசி ஓடும்போதே மேற்குச் சுவரின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால், சீரான இடைவெளியில் சூடான செங்குத்துப் பட்டைகள் கைக்குத் தட்டுப்படும். வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றே: "உள்ளே பஞ்சு முழுக்க வெச்சாச்சே சார், அப்புறம் எப்படி இந்தக் கோடு மட்டும் சுடுது?"

அந்தக் கோடு ஸ்டட் நிற்கும் இடம். அங்கே சுடுவதற்கான காரணத்தை முதலில் சரியாகப் புரிந்துகொண்டால், அதை எப்படிச் சரிசெய்வது என்பது தானாகவே விளங்கும். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு மில்லிமீட்டர் தகடு இவ்வளவு செய்யுமா?

கிளாஸ் வூலின் வெப்பக் கடத்துத்திறன் ஏறக்குறைய 0.04. எஃகின் கடத்துத்திறன் ஏறக்குறைய 50. (இரண்டுக்கும் அலகு, ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட் என்பது.) அதாவது எஃகு கிளாஸ் வூலைவிட ஆயிரத்து இருநூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துகிறது. இப்போது 600 மில்லிமீட்டருக்கு ஒரு ஸ்டட் உள்ள சுவரில் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 600 மில்லிமீட்டர் அகலப் பஞ்சின் கடத்தும் வலிமையை 600 × 0.04 = 24 என்று கணக்கிட்டால், ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்டட்டின் நடுத்தகட்டுக்கு 1 × 50 = 50 வருகிறது. சுவரின் பரப்பில் அறுநூறில் ஒரு பங்கை மட்டும் பிடித்திருக்கும் அந்தத் தகடு, மீதி முழுவதையும் நிரப்பியிருக்கும் பஞ்சைப்போல் இரண்டு மடங்கு வெப்பத்தைக் கடத்தும் திறன் உடையது.

நடைமுறையில் அவ்வளவு கடக்காது. வெப்பம் அந்த மெல்லிய தகட்டுக்குள் நுழைய முதலில் வெளிப் போர்டின் வழியாகப் பக்கவாட்டில் வந்து சேர வேண்டும். அந்தப் பயணத்துக்கு ஒரு தடை உண்டு. ஆனால் ஸ்டட்டின் இரு ஓரங்களிலும் 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள மடிப்பு, போர்டோடு ஒட்டி நிற்கிறது. வெளிப்புற மடிப்பு வெயிலின் சூட்டைத் தன் அகலம் முழுவதிலும் திரட்டி நடுத்தகட்டுக்குக் கொடுக்கிறது. உட்புற மடிப்பு அதை வாங்கி ஜிப்சம் போர்டின் முதுகில் பரப்புகிறது. நீங்கள் கையால் உணரும் பட்டை இந்த உட்புற மடிப்புதான். அதனால் பழுதின் வேர் தகட்டின் கனத்தில் மட்டும் இல்லை, வெளிப்புற மடிப்பு வெயிலுக்கு நேரே திறந்து கிடப்பதிலும் இருக்கிறது.

எவ்வளவு இழப்பு என்பதற்கு நம்பத்தக்க எண்கள் உள்ளன. அமெரிக்காவின் ஆஷ்ரே 90.1 தரநிலை, எஃகு ஸ்டட்டுகளுக்கு இடையில் வைத்த காப்பு, அதாவது பஞ்சு, வெப்பத்துக்குத் தரும் தடையில் எவ்வளவு உண்மையில் மிஞ்சும் என்று ஒரு பெருக்கெண் தருகிறது. 90 மில்லிமீட்டர் ஆழ ஸ்டட் 600 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நின்றால் 0.55; 400 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நின்றால் 0.46. ஆழத்தை 140 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்தினால் அந்தப் பெருக்கெண்கள் 0.45, 0.37 என்று மேலும் இறங்குகின்றன. சட்டகத்துக்குள் பஞ்சைக் கூட்டக் கூட்ட, ஸ்டட் தின்றுவிடும் பங்கும் கூடிக்கொண்டே போகிறது என்பதைக் கவனியுங்கள். மடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையை உயர்த்தும் வேலை அது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வேலை தொடங்குவதற்கு முன் உங்கள் சுவருக்கு இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஒப்பந்தக்காரர் தரும் தாளில் பெரும்பாலும் பஞ்சுக்கு மட்டுமான எண்தான் இருக்கும். கொழிஞ்சாம்பாறையில் மொட்டை மாடி மீது கட்டும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்: மேற்குச் சுவர் 4.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், ஒரு சிறு சன்னலைக் கழித்தால் 12 சதுர மீட்டர். 90 மில்லிமீட்டர் ஸ்டட், 600 மில்லிமீட்டர் இடைவெளி.

தடை என்பது கனத்தைக் கடத்துத்திறனால் வகுத்த எண். பஞ்சுக்கு 0.09 ஐ 0.04 ஆல் வகுக்க 2.25 கிடைக்கிறது. 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு, 10 மில்லிமீட்டர் சிமெண்ட் போர்டு, இருபுறமும் சுவரை ஒட்டி நிற்கும் காற்றுப் படலம் ஆகியவற்றுக்குச் சேர்த்து 0.28 என்று வைக்கலாம். மொத்தம் 2.53. ஒன்றை இதனால் வகுத்தால் யு மதிப்பு 0.40; ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே இத்தனை வாட் கடக்கும் என்பதே அதன் பொருள். தாளில் எழுதப்படுவது இந்த எண். ஸ்டட்டைக் கணக்கில் சேர்த்தால் 2.25 ஐ 0.55 ஆல் பெருக்க வேண்டும், 1.24 மட்டும் மிஞ்சுகிறது, மொத்தத் தடை 1.52, யு மதிப்பு 0.66. வெயிலில் வெளிப்பரப்பு 50 பாகையும் அறை 25 பாகையும் இருக்கும் நேரத்தில், இந்தச் சுவர் வழியே தாளின்படி 120 வாட் வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 200 வாட் வருகிறது.

இப்போது கூடுதலாக 50 மில்லிமீட்டர் காப்பு வாங்கப் பணம் இருக்கிறது, அதை எங்கே வைப்பது என்று பார்ப்போம். சட்டகத்தை 140 மில்லிமீட்டர் ஆழமாக்கிப் பஞ்சை நிரப்பினால் பெயரளவுத் தடை 3.5, அதை 0.45 ஆல் பெருக்க 1.58. முன்பிருந்த 1.24 ஐவிடக் கூடியது வெறும் 0.34. அதே 50 மில்லிமீட்டரை எக்ஸ்பிஎஸ் என்னும் கெட்டியான நுரைப் பலகையாக ஸ்டட்டுகளுக்கு வெளியே, எங்கும் இடைவெளி விடாமல் பதித்தால், அதன் கடத்துத்திறன் 0.033 என்று கொண்டு 1.5 கூடுகிறது. திருகாணிகளால் வரும் இழப்புக்குப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 1.36 மிஞ்சும். சுவரின் மொத்தத் தடை 2.88, யு மதிப்பு 0.35, அந்த மாலை வெப்பம் 105 வாட். ஒரே கனம், ஆனால் வெளியே வைத்ததால் நான்கு மடங்கு பலன். வெளியே 25 மில்லிமீட்டர் மட்டும் வைத்தால்கூட யு மதிப்பு 0.45 க்கு வந்துவிடும். தாளில் சொன்ன 0.40 க்குப் பக்கத்தில் சுவர் முதன்முறையாக நிற்கும். புதிதாகக் கட்டுபவருக்கு 50 மில்லிமீட்டரையே சொல்வேன், ஏனென்றால் திருகாணி, கூலி, சாரம் எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வெளிக்காப்பு ஏன் முழுப் பலனைத் தருகிறது என்பது மேலே சொன்ன மடிப்பைப் பற்றிய விளக்கத்திலேயே இருக்கிறது. பலகை வெளிப்புற மடிப்பை மூடிவிடுவதால் அங்கே திரள வெப்பம் வந்து சேர்வதில்லை. திருகாணிகளைத் தவிரப் பலகையைக் குறுக்கே கடக்கும் எஃகும் இல்லை. 'தொடர்' என்ற சொல்லின் முழு எடையும் இங்கேதான். ஸ்டட்டுகளின் இடையில் பொருத்தும் எந்தக் காப்பையும் தொடர் காப்பு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எந்தப் பலகை

தெர்மோகோல் என்று நாம் சொல்லும் இபிஎஸ், எக்ஸ்பிஎஸ், பிஐஆர், கெட்டியான ராக் வூல் பலகை ஆகிய நான்கும் பயன்படும். பிஐஆர் கனம் குறைவாகவே அதிகத் தடை தரும். முதல் மூன்றும் நுரைப் பலகைகள், எரியக்கூடியவை. இதை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017 ஜூன் மாதம் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்த தீ, எரியும் உறைத்தகடுகளும் நுரைக் காப்பும் அவற்றுக்கிடையே இருந்த காற்று இடைவெளியும் சேர்ந்த வெளிச்சுவரில்தான் ஏறியது. நமது ஒற்றை மாடி வீடு அந்த உயரம் இல்லை என்றாலும், பலகைக்கும் வெளி உறைக்கும் இடையிலான செங்குத்து இடைவெளி சிறு உயரத்திலும் ஓரளவு புகைபோக்கியாக வேலை செய்யும். ஆகவே என் தேர்வு ராக் வூல் பலகை. 50 மில்லிமீட்டருக்கு அதன் தடை 1.4 அளவில் இருக்கும். எக்ஸ்பிஎஸ்ஸைவிடச் சிறிதே குறைவு. செலவு கருதி நுரைப் பலகையே வைப்பவர்கள், சன்னலைச் சுற்றியும் தள மட்டத்திலும் கூரையை ஒட்டியும் 200 மில்லிமீட்டர் அகல ராக் வூல் பட்டையாவது வைத்து, நுரை எங்கும் வெளியே தெரியாதபடி சிமெண்ட் போர்டால் மூட வேண்டும்.

ராக் வூல் வாங்கும்போது சுருட்டி வரும் போர்வையை வாங்காதீர்கள். கட்டைவிரலால் அழுத்தினால் குழியாத பலகைதான் இந்த வேலைக்கு உரியது.

அடுக்கும் வரிசை

உள்ளிருந்து வெளியே போனால் ஜிப்சம் போர்டு, பஞ்சுடன் ஸ்டட், சிமெண்ட் போர்டு, நீர்த்தடுப்புத் தாள், காப்புப் பலகை, தொப்பி வடிவில் மடித்த தகடான ஒமேகா சேனல், வெளி உறையான மற்றொரு சிமெண்ட் போர்டு என்று வரும். வேலை நடக்கும் முறை பின்வருமாறு.

முதல் சிமெண்ட் போர்டை ஸ்டட்டில் அடித்து, மூட்டுகளை அடைத்தபின், அதன் மேல் நீர்த்தடுப்புத் தாளைக் கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு போங்கள். மேல்தாள் கீழ்த்தாளின் மீது 150 மில்லிமீட்டர் இறங்கி நிற்க வேண்டும். ஓடு வேயும் முறைதான். ஜூன் மாதக் காற்று கணவாய் வழியே மழையை மேற்குச் சுவரில் சாய்த்து அடிக்கும் ஊர்களில், உறையின் மூட்டு வழியே தண்ணீர் ஓரளவு உள்ளே வரும் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும். அந்தத் தண்ணீர் இந்தத் தாளில் பட்டு வழிந்து அடியில் வெளியேறிவிட வேண்டும்.

தாள் ஒட்டியவுடன், பலகை வைப்பதற்கு முன், ஒவ்வொரு ஸ்டட்டின் நடுக்கோட்டையும் தாளின்மேல் சாயநூல் அடித்துக் குறியுங்கள். அந்தக் கோட்டைத் தரையிலும் கூரை விளிம்பிலும் நீட்டி வையுங்கள், ஏனென்றால் பலகை வந்ததும் தாள் மறைந்துவிடும். இந்தச் சிறு வேலையை விட்டுவிட்ட இடத்தில்தான் பாதித் திருகாணிகள் ஸ்டட்டைத் தவறிப் பஞ்சுக்குள் போய் நிற்கும். தவறியதைக் கண்டுபிடிப்பது எளிது: ஸ்டட்டில் பிடித்த திருகாணி கடைசிச் சுற்றில் கையை இறுக்கும், தவறியது வழுவழுவென்று சுழன்றுகொண்டே இருக்கும். அப்படிச் சுழல்வதைக் கழற்றி, ஓட்டையைச் சீலண்டால் அடைத்துவிட்டு, பக்கத்தில் மறுபடி அடிக்க வேண்டும். வெறுமனே விட்டுவிட்டால் அது தண்ணீர் உள்ளே போகும் குழாயாகிவிடும்.

50 மில்லிமீட்டரை ஒரே பலகையாக வைப்பதைவிட 25 மில்லிமீட்டர் பலகை இரண்டை, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றி வைப்பது மேல். இரண்டு பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் சந்து விட்டால் அங்கே காப்பு இல்லை என்றே பொருள். சந்தில் வெட்டுத் துண்டைச் செருகுங்கள், சிமெண்டுக் கலவையைப் பூசாதீர்கள்.

அடுத்தது வெளி உறையைப் பிடிக்கும் முறை. தொடர் காப்பு பெரும்பாலும் வீணாவது இங்கேதான். பல இடங்களில் சட்டகக்காரர்கள் பழக்கத்தால் இசட் வடிவத் தகட்டை முதலில் ஸ்டட்டில் அடித்து, அவற்றின் நடுவே பலகையை வெட்டி வைக்கிறார்கள். பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் அப்போது ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் முன்னால் இன்னொரு எஃகுத் தகடு காப்பைக் குறுக்கே கடந்து வெயிலுக்கும் ஸ்டட்டுக்கும் பாலம் போட்டுவிடுகிறது. 600 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் ஒரு மில்லிமீட்டர் இசட் தகடு, ஒரு சதுர மீட்டர் சுவரில் ஏறக்குறைய 1,670 சதுர மில்லிமீட்டர் எஃகைக் காப்பின் ஊடே செலுத்துகிறது. அதற்குப் பதிலாகப் பலகை முழுவதையும் முதலில் பதித்து, அதன் மேல் ஒமேகா சேனலை வைத்து, நீளத் திருகாணியால் சேனல், பலகை, சிமெண்ட் போர்டு எல்லாவற்றையும் கடந்து ஸ்டட்டில் பிடித்தால், காப்பைக் கடப்பது திருகாணித் தண்டுகள் மட்டுமே. 5.5 மில்லிமீட்டர் திருகாணியைச் செங்குத்தாக 400 மில்லிமீட்டருக்கு ஒன்று வீதம் அடித்தால் சதுர மீட்டருக்கு நான்கு சொச்சம். மொத்தம் 100 சதுர மில்லிமீட்டர். இசட் தகட்டில் பதினாறில் ஒரு பங்கு.

திருகாணியின் நீளம் 50 மில்லிமீட்டர் காப்பு, 10 மில்லிமீட்டர் போர்டு, சேனல் தகடு ஆகியவற்றைக் கடந்து ஸ்டட்டுக்கு அப்பால் குறைந்தது 10 மில்லிமீட்டராவது நீள வேண்டும். 80 மில்லிமீட்டர் நீளம் வாங்கினால் சரியாக இருக்கும். துருப்பிடிக்காத பூச்சு உள்ளதாக, தானே துளையிடும் முனை உள்ளதாக இருக்கட்டும். ராக் வூல் மேல் அளவுக்கு மீறி முறுக்கினால் சேனல் அமுங்கிச் சுவர் அலையலையாகத் தெரியும். ஆகவே துளைப்பானின் முறுக்கு அளவைக் குறைத்து வைத்து, மட்டப்பலகையை வைத்துப் பார்த்துப் பார்த்து முடிக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் சிமெண்ட் போர்டு சதுர மீட்டருக்கு 14 கிலோ அளவில்தான் எடை. அதை இந்தத் திருகாணிகள் தாங்கும். ஆனால் கணவாய்க் காற்று சுவரை வெளிப்புறமாக உறிஞ்சும் விசையையும், 50 மில்லிமீட்டருக்கு மேல் காப்பு வைப்பதாக இருந்தால் திருகாணி வளைவதையும், உங்கள் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுப் பார்த்து இடைவெளியை உறுதிசெய்ய வேண்டும்.

உறைக்குப் பின்னால் சேனலின் ஆழம் அளவுக்குக் காற்று இடைவெளி இருக்கும். அதன் அடிவாயைப் பூச்சி வலையால் மூடுங்கள், நீர் வழிய இடம் விடுங்கள். தரை மட்டத்தில் கட்டும் வீடு என்றால் நுரைப் பலகையை மண்ணிலிருந்து 200 மில்லிமீட்டருக்கு மேலேயே தொடங்க வேண்டும். கரையான் நுரையைத் தின்னாவிட்டாலும் அதற்குள் யார் கண்ணிலும் படாமல் வழி குடைந்து மேலே போகும்.

விளிம்புகள்

சுவரின் நடுப்பகுதியை யார் வேண்டுமானாலும் சரியாகச் செய்துவிடுவார்கள். சன்னலின் இருபுறமும் இரட்டை ஸ்டட், மேலே இரட்டைத் தகட்டு உத்தரம் என்று எஃகு குவிந்து கிடக்கிறது. காப்புப் பலகை சன்னல் சட்டம்வரை வந்து முட்டாமல் ஒரு சாண் முன்பே நின்றுவிட்டால், அங்கே சூடு சுற்றி வந்து நுழையும். மூலையில் இரு சுவர்களின் பலகைகளும் ஒன்றையொன்று மாற்றிப் பூட்ட வேண்டும். சன்ஷேடைத் தாங்க எஃகுக் கையை நேரடியாக ஸ்டட்டிலிருந்து நீட்டுவதைத் தவிர்க்க முடியாவிட்டால், இணைப்பில் கெட்டியான நைலான் அட்டையை இடையே வையுங்கள், வெப்பம் கொஞ்சமாவது தடைபடும்.

கூரையையும் மறந்துவிடக் கூடாது. நம் வெயிலில் கூரை வழியாக வரும் வெப்பம் சுவரைவிட அதிகம். அங்கேயும் இலகு எஃகுச் சட்டகமே இருந்தால் இதே கணக்கு பொருந்தும். நிழலில்லாத மேற்குச் சன்னல் ஒன்று, 12 சதுர மீட்டர் சுவரில் நாம் மிச்சப்படுத்தியதை எளிதாக விழுங்கிவிடும். மேலும் இந்தச் சுவருக்குச் செங்கல்லைப்போல் சூட்டைத் தேக்கும் எடை இல்லை. ஏசி இல்லாத அறையில் பகல் சூட்டைக் காப்பு மெதுவாக்கும், ஆனால் இரவில் சன்னலைத் திறந்து காற்றோட்டம் விடாவிட்டால் உள்ளே சேர்ந்த வெப்பம் வெளியேறாது.

ஈரம்

குளிர்நாட்டு வழிகாட்டிகளில் சுவரின் உட்புறம் பாலிதீன் தாள் அடிக்கச் சொல்வார்கள். இங்கே அது தவறு. மழைக்காலத்தில் ஈரக்காற்று வெளியிலிருந்து உள்ளே வருகிறது. ஏசியால் குளிர்ந்த உட்புறத்தில் பாலிதீனோ வினைல் வால்பேப்பரோ இருந்தால், அந்த ஈரம் அதன் முதுகில் பட்டு நீராகி, ஜிப்சம் போர்டைப் பூசணம் பிடிக்கச் செய்து, கீழ் ட்ராக்கில் தேங்கித் துருவைக் கொண்டுவரும். ஈரத்தையும் காற்றையும் தடுக்கும் அடுக்கு வெளியே, சிமெண்ட் போர்டின் மேல் ஒட்டிய அந்தத் தாளாகவே இருக்கட்டும். உட்புறம் சாதாரண எமல்ஷன் பெயிண்ட் போதும். தாளில் சுவிட்ச் குழாய், ஏசி குழாய் போகும் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும், ஏனென்றால் ஓட்டை வழியே வரும் காற்று கொண்டுவரும் ஈரம், போர்டின் ஊடே ஊறி வருவதைவிடப் பல மடங்கு அதிகம்.

முடிந்தபின் சோதிப்பது

வெளி உறை அடித்தபின், வெயில் தெளிவாக இருக்கும் ஒரு நாள் மாலை நான்கு மணியளவில், ஏசியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுவிட்டுச் சோதியுங்கள். சிறு காந்தத்தைச் சுவரில் நகர்த்தினால் ஜிப்சம் போர்டின் திருகாணித் தலைகளில் ஒட்டிக்கொள்ளும். அதுவே ஸ்டட்டின் கோடு. கையில் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஸ்டட்டின் மேலும், இரண்டு ஸ்டட்டுகளின் நடுவிலும், ஒரே உயரத்தில், சுவரை ஒட்டி வைத்து அளந்து எழுதுங்கள். கருவி தூரத்தில் இருந்தால் பெரிய வட்டத்தின் சராசரியைக் காட்டிவிடும், வேறுபாடு மறைந்துபோகும். வெளிக்காப்பு சரியாக இருந்தால் இரண்டு அளவுகளும் கருவியின் பிழைக்குள் ஒன்றாகவே வரும். எல்லா ஸ்டட்டுகளிலும் சூடு கூடுதலாகத் தெரிந்தால் இசட் தகடோ வேறு பாலமோ உள்ளே இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் தெரிந்தால் அங்கே பலகைச் சந்தைத் தேட வேண்டும். சன்னல் ஓரத்தில் மட்டும் என்றால் பலகை சட்டம்வரை வரவில்லை. உறையைத் திருகாணியில் மாட்டியிருப்பதால், அந்த ஒரு போர்டை மட்டும் கழற்றிச் சரிசெய்துவிட்டு மறுபடி மாட்டலாம். மூட்டுக்குப் புட்டி பூசிப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.